சம்மந்திக்குப் பிணை நிற்க இயலாமை

மாவனல்லை, வெள்ளிக்கிழமை.

குருவிட்டயில் மாணிக்கக் குழி வெட்டிச் சீரோடும் சிறப்போடும் இருக்கும் மீராசாஹிப் சம்மந்தி அவர்களுக்கு, கடைத்தெரு மக்கீன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி சித்தி மரியமும், உங்கள் வருங்கால மருமகள் நூரியாவும் சுகம். அங்கே எல்லாரும் சுகம் என்று கேட்கவே எங்களுக்கு ஆசை.

புதுக் குழிக்காகக் கொழும்புப் பேங்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டிருப்பதாகவும், சொத்துள்ள ஆள் ஒருவர் பிணை வேண்டும் என்று பேங்குத் துரை சொன்னதாகவும், "சும்மா ஒரு கையொப்பம்தானே" என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சும்மா ஒரு கையொப்பம் என்பதால், சும்மா ஒரு தரம் கேட்டு வைப்போமே என்று கோர்ட்டில் வழக்குப் பேசும் கேகாலைப் பெரக்கிராசி ஐயாவிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிணைக்காரன் சாட்சிக்காரன் இல்லையாம். நீங்கள் ஒரு தவணை தவறினால் பேங்கு உங்களைத் தேட வேண்டியதே இல்லையாம், நேரே என் கடைக்கு வரலாமாம். "முதலில் கடன்காரனைப் பிடி, அவனிடம் இல்லையென்றால் என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை பிணைக்காரனுக்குச் சட்டப்படி உண்டாம். ஆனால் அதே பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தேன் என்றும் எழுதி வாங்கிவிடுவார்களாம். நான் மௌத்தாகிவிட்டாலோ, கடன் என் சொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். "அப்ப எனக்கு என்னதான் லாபம் ஐயா?" என்றேன். "கட்டித் தீர்த்த பொறகு சம்மந்தி மேல வழக்குப் போடலாம்" என்றார். கல்யாணப் பந்தலிலேயே நோட்டீஸ் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது!

இதைக் கேட்டுத்தான் நான் பயந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நாணயத்தில் எனக்குச் சந்தேகமா, சம்மந்தி? தோன்றாத கல்லின் நாணயத்தில்தான் கொஞ்சம். அதுபோக, வட்டிக்கு எழுதுகிறவனும் சாட்சி நிற்கிறவனும் ஒரே பாவம் என்று போன பெருநாளில் எனக்கு அரை நாள் உபதேசம் செய்தவர் நீங்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், என்னிடம் பிணை நிற்க ஒன்றுமில்லை. இரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்து ஆட்களுக்கு அரை நாள் வேலை. கங்காணி வேலுசாமியோ, "பேரேட்டுல எழுதிக்கங்க மொதலாளி" என்று அரிசியைத் தூக்கிக்கொண்டு போகிறார். கடை இருக்கிறது, சாமான் இல்லை. சாமான் இருந்தால் அது கொழும்பு மொத்த வியாபாரியுடையது. வீடு என்று ஒன்று உண்டு, ஆனால் உறுதிப் பத்திரத்தில் ஆயிரம் ஓட்டை. என் சகோதரிகள் மூவருக்கும் அதில் பங்கு, மூத்தவள் மாப்பிள்ளை வழக்குப் போடப் போகிறான். கூரை ஒழுகுகிறது, கிணறு வற்றிவிட்டது, கறவை மாடும் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட பஞ்சப் பரதேசியின் கையொப்பத்தைக் கண்டால் பேங்குத் துரை உங்களையும் சேர்த்தல்லவா வெளியே தள்ளுவார்? உங்கள் மானத்தை நினைத்துத்தான் மறுக்கிறேன்.

குழியில் நீர் ஊறாமலும், கல் மட்டும் ஊறும்படியும் அல்லாஹ் அருள் செய்யட்டும். மருமகனுக்கு என் அன்பு.

இப்படிக்கு, உங்கள் பிரியமுள்ள ஏழைச் சம்மந்தி
மக்கீன்

பின்குறிப்பு, திங்கட்கிழமை: உறையை ஒட்டுமுன் சித்தி மரியத்துக்கு வாசித்துக் காட்டினேன். என் திறமையை மெச்சுவாள் என்றுதான். "ஒங்களுக்குப் புத்தி ஈக்குதா? இப்புடி ஒண்ணுமில்லாத ஊட்டுல யாரு பொண்ணெடுப்பான்? சீதனமா அந்த ஊட்டத்தானே பேசின?" என்று கரண்டியோடு வந்துவிட்டாள். ஆகவே மேலே கண்ட வறுமையெல்லாம் பேங்குக்காக எழுதியது, கல்யாணத்துக்கு அது செல்லாது. வேறு தாளில் எழுதலாம்தான், இந்தத் தாளுக்கும் காசு கொடுத்திருக்கிறேனே. உறுதி சுத்தம், சகோதரிகள் எப்போதோ பங்கு வாங்கிக்கொண்டார்கள், கூரை புதிது, கிணற்றில் குடம் மூழ்கும், மாடு நான்கு காலிலும் நிற்கிறது.

அப்படியானால் கையொப்பம் போடலாமே என்பீர்கள். போடலாம்தான். ஆனால் இன்று காலை சித்தி மரியம் என்னை நொத்தாரிசிடம் இழுத்துப் போய், வீட்டையும் கடைக் கட்டிடத்தையும் நூரியா பேருக்கு நன்கொடை எழுத வைத்துவிட்டாள். பிள்ளையும் ஏற்றுக் கையொப்பம் வைத்துவிட்டது. இப்போது பேங்குக்குக் காட்ட உண்மையாகவே என்னிடம் மண் இல்லை. இந்தக் குடும்பத்தில் சொத்துள்ள ஒரே ஆள் உங்கள் மருமகள்தான்.

சம்மந்திக்காக அவளிடமே கேட்டும் பார்த்தேன். மாவு அரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"மாமாவுக்கு நான் பிணை நிக்கிறன் வாப்பா. எனக்கு அவர் தார மாப்பிள்ளைக்கு யாரு பிணை?"

பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.