பதினேழாவது ஸ்டேட்டஸ்

புதுக்கோட்டை மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையையும் இரண்டே வகையாகப் பிரித்தவர் எங்கள் 'அட்டெண்டன்ஸ்' அண்ணன். தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்கள். இரண்டாம் வகையினர் வீட்டு விசேஷத்துக்கு அவர் போனதில்லை.

பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வருகைப் பதிவேட்டிலேயே ஊறிய கை. விடிந்ததும் நாற்பது ஸ்டேட்டஸ் போடுவார்: ரோஜாப்பூ, மகான்களின் பொன்மொழி, மூட்டுவலிக் கஷாயம். பிறகு ஒவ்வொன்றையும் திறந்து, யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சரிபார்ப்பார்.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு அவருக்கும் எனக்கும் ஒரே பஸ். ஒன்பது வருஷமாகச் சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தவர். அந்த மனுஷனைத்தான் நான் ம்யூட் செய்தேன். அவருக்குத் தகவல் போகாது, ஸ்டேட்டஸ் மட்டும் பட்டியலின் அடியில் போய் ஒதுங்கிவிடும், மெசேஜும் போனும் வழக்கம்போல வரும் என்று என் மகள் சொல்லியிருந்தாள். பார்த்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்காது என்பது எனக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் டிபன் பை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் யாரோ. ஐந்தாம் நாளும் அப்படியே. கம்பியைப் பிடித்து நிற்பதுகூடப் பெரிதில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை என்பதுதான் என்னைப் படுத்தியது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பிடித்தேன். நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் பெயர் தெரியவில்லை என்று முதலில் ஒரு பொய்யை விட்டேன்.

"நேத்து ஒங்களுக்கு அனுப்புன மெசேஜுக்கு ரெண்டு டிக்கும் நீலமாத்தானே விழுந்துச்சு தம்பி" என்றார் அமைதியாக.

இனி மறைத்துப் பயனில்லை.

"ஒங்களைப் பிடிக்காம இல்லண்ணே. காலையில நாப்பதையும் தட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. அதான் ஸ்டேட்டஸை மட்டும் ம்யூட்ல போட்டேன். மொதல்லயே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும், என் தப்புதான்."

டீயைப் பாதி குடித்தார். பிறகு கேட்டார். "நாப்பதுமா பிடிக்கல?"

"நீங்களே எடுக்குற போட்டோ இருக்குல்ல, கோட்டை மேல வெயில் விழுற மாதிரி, அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்ணே. ஃபார்வர்டுதான் முடியல."

அவர் சண்டை போடவில்லை. மறுநாள் பஸ்ஸில் பை பழைய இடத்தில் இருந்தது. அதற்கு முன்பே, ஆறு மணிக்குப் போன்.

"இன்னைக்குப் பதினேழாவது மட்டும் பாருங்க தம்பி. நானே எடுத்தது."

பதினேழை அடையப் பதினாறையும் தட்டித்தான் தாண்ட வேண்டும். தாண்டினால் பதினாறிலும் என் பெயர் ஏறிவிடும். இது தெரியாமலா சொல்லியிருப்பார். அன்றிலிருந்து தினமும் காலையில் போனில் ஒரு நம்பர் வந்தது.

இந்த வருஷம் ரிட்டையர் ஆகிவிட்டார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்க ஆளில்லை. எத்தனையாவது என்று போனில் சொல்வதும் நின்றுபோய்விட்டது. ம்யூட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. தினமும் காலையில் பட்டியலின் அடிவரைக்கும் போய், அவரைத் தேடிப் பிடித்து, முதல் ஆளாகப் பார்த்துவிடுகிறேன்.