ரசத்துக்கு ஏன் இத்தனை மவுசு?

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தாங்கள் எடுத்த படத்தைப் பெண் வீட்டார் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கண் கலங்கப் பார்ப்பார்கள் என்று நம்புகிற நோய். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு கேமராவும் ட்ரோனும் வாங்கியிருந்தேன். ("பறக்குற பொம்மை வாங்கியிருக்கான்" என்று அம்மா தெருவுக்கே அறிவித்தார்.) முதல் பெரிய வேலை, நியாலாஸ் கோயில் மண்டபத்தில் மணியம் அங்கிளின் மூத்த மகள் ரேணுகாவின் கல்யாணம். இது அவருக்குப் பிடித்துவிட்டால் இளைய மகள் தர்ஷினியின் கல்யாணமும் எனக்கு. பிடிக்காவிட்டால் ஆலைக்குத் திரும்பிப் போய்க் கெஞ்ச வேண்டியதுதான். தர்ஷினிக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. ஆனாலும் "எனக்கு கேஎல் டீம்தான்" என்று என் காதுபடச் சொல்லியிருந்தாள். (தலைநகர்க்காரர்கள் எடுத்தால்தான் படமாம்.)

எப்படியும் அசத்திவிடுவது என்று படத்தின் தொடக்கத்தில், ஊரைச் சுற்றி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே ட்ரோனை விட்டு, நிமிடக்கணக்கில் ஸ்லோமோஷனில் ஓடவிட்டேன். (செம்பனை வழக்கமான வேகத்திலேயே அசையாது என்பது பிறகுதான் உறைத்தது.)

லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி படத்தை இணையத்தில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சிங்கப்பூர் உறவினர் வரை கைகூப்பும் இமோஜி போட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, படம் ஏற்றியவனுக்கு மட்டும் அந்தத் தளம் காட்டும் வரைபடத்தைத் திறந்தேன்.

அது ஒரு கோடு. படத்தைத் திறந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஒவ்வொரு கணத்தையும் பார்த்தார்கள் என்று காட்டும். எல்லாருக்கும் நூறில் தொடங்கி மெல்ல இறங்குவது அதன் இயல்பு. என்னுடையது மெல்ல இறங்கவில்லை. ட்ரோன் பறந்த இடத்தில் கிணற்றில் விழுந்தது. தோட்டத்து மக்கள் செம்பனையைப் பார்க்க நான் எதற்கு? ஜன்னலைத் திறந்தால் போதுமே. மேளம் கேட்கும் இடத்துக்குத் தாவிப் போயிருந்தார்கள். தாலி கட்டும் இடத்தில் ஒரு சின்ன மேடு.

அப்புறம் ஒரு மலை.

பந்தி நடக்கும் இடத்தில் கோடு நூறையே தாண்டி நின்றது. நூற்றுக்கு மேல் எப்படி என்று முதலில் எனக்கும் குழப்பம். ஒருவரே பின்னால் போய் அதே துண்டைத் திரும்பப் பார்த்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும், அதனால் ஏறும். அதாவது இந்தத் துண்டை மொத்தக் குடும்பமும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மணியம் அங்கிள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார். நீலச் சட்டை போட்ட ஒரு கை அவர் இலையில் ரசம் ஊற்றுகிறது. ஓரத்தில் பரிமாறுபவரின் பாதி முகம். அவ்வளவுதான்.

எங்கே பார்த்தார்கள் என்று வரைபடம் சொல்லும். யார் பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்று சொல்லாது. அந்த மிச்சத்தை என் மூளை நிரப்பியது: மக்கள் விரும்புவது ரசம்.

பாயா ரும்புட்டில் மணியம் அங்கிள் வீட்டில் மறுவீட்டு விருந்து. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதற்குப் புதிதாக ஒரு துண்டு செய்து எடுத்துப் போனேன். ஸ்லோமோஷன், புல்லாங்குழல், அருவிபோல இறங்கும் ரசம். அதே காட்சி மறுபடி மறுபடி, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில். பெரிய டிவியில் போட்டுவிட்டு, கைத்தட்டலுக்குத் தயாராக நின்றேன்.

முதலில் பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. பிறகு கரண்டிச் சத்தம் நின்றது. அங்கிளின் மனைவி சாந்தி ஆன்ட்டி கண்ணாலேயே எனக்கு ஏதோ சொன்னார். (பாராட்டு என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.) தர்ஷினி என் சட்டையை இழுத்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க லா. அது சேகர் சித்தப்பா."

அதற்குள் ஓரத்தில் பாதி தெரிந்த முகம் திரை முழுக்க வந்துவிட்டது.

சேகர், மணியம் அங்கிளின் ஒரே தம்பி. கல்யாண அட்டையை அண்ணன் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "வெத்தல பாக்கு தட்டோட வாசலுக்கு வராம போன்ல கூப்பிட்டா நான் என்ன ஊர்க்காரனா?" என்று தம்பி கோபித்துக்கொண்டார், மண்டபத்துக்கு வரவில்லை. ஆனால் சமையற்கட்டு வழியாக நுழைந்து, பரிமாறுபவர்களோடு கலந்து, அண்ணன் இலைக்கே ரசம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். இது அந்த வீட்டுப் பெண்களுக்கு என் படத்தில்தான் தெரிந்தது. அவர்தானா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாக வந்தான் என்று புதுச் சண்டை கிளம்பும் எனப் பயந்து, படத்தை இன்னும் பார்த்திராத அங்கிளிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள். அவர்கள் பொத்தி வைத்ததை நான் புல்லாங்குழலோடு ஒளிபரப்பிக்கொண்டிருந்தேன்.

"திரும்பப் போடு," என்றார் அங்கிள்.

போட்டேன். ஆலையின் பாதுகாப்புத் தொப்பி கண்ணுக்குள் வந்து போனது.

"இன்னொரு தடவ." பார்த்தார். "போதும் போதும்னு அவன் கையத் தட்டிவிடுறேன் பாரு. நிமிந்து யாருன்னுகூடப் பாக்கல."

அவர் எழுந்து கை கழுவினார்.

"சாந்தி, தட்டு எடு. வெத்தல பாக்கு, பழம், எல்லாம் வை."

வாசலை அடைத்து நின்றது என் வேன்தான். ஆகவே அதிலேயே ஏறினார்கள், நான்தான் ஓட்டினேன்.

சேகர் கதவைத் திறந்தார். நீலச் சட்டை இல்லை, பனியன்.

"கல்யாணத்துக்கு வந்தியா?" என்றார் அண்ணன்.

"வரல. ரசம் ஊத்த வந்தேன்."

"உப்பு கம்மி."

"ஊத்தினதுதான் நான். வச்சது நான் இல்ல."

அங்கிள் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "தர்ஷினி கல்யாணம். குடும்பத்தோட வந்துடு."

சேகர் தட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளை யாரு?"

"அது அப்புறம் பாத்துக்கலாம். அழைப்ப முதல்ல வாங்கு."

சாந்தி ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். பிறகு யார் சிரித்தது, யார் அழுதது என்று பிரித்துச் சொல்ல முடியாது. (நான் கேமராவை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். என்னைப்போல ஒரு நிபுணன் வேறு என்ன செய்வான்?) திரும்பும் வழியில் அங்கிள் என் தோளைத் தட்டினார். "அவ கல்யாணத்துக்கும் நீதான், தம்பி. கேஎல் டீம் எல்லாம் வேணாம் லா."

தர்ஷினிக்கு மாப்பிள்ளையும் வந்தார். இந்தத் தடவை செம்பனையைப் பறந்து பறந்து எடுக்கவில்லை. பந்தியில் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டேன். யார் வீட்டில் யாரோடு பேச்சில்லை என்று முன்கூட்டியே சாந்தி ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டேன். எல்லாம் திட்டப்படி நடந்தது. மணமக்கள் பந்திக்குள் நுழையும்போது அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து படம் பிடித்து வந்த நான், சேகர் அங்கிள் கீழே இறக்கி வைத்த பாயச அண்டாவில் உட்கார்ந்தது மட்டும் திட்டத்தில் இல்லை. (பாயசம் ஆறியிருந்தது. கேமராவும் தப்பியது; விழும்போது அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.)

ஸ்டாண்டில் இருந்த கேமரா அத்தனையையும் எடுத்துவிட்டது. எடிட் செய்யும்போது அதை வெட்ட விரல் துடித்தது. ரசத்தை நினைத்துக்கொண்டேன். வெட்டாமல் விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை மலை எங்கே எழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. தாலி கட்டும் இடத்து மேடு அதன் காலடியில் கிடந்தது. அலோர் காஜாவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் போன் வரத் தொடங்கியது. "பாயசத்துல உக்காந்த அண்ணன் நீங்கதானே? எங்க வீட்டுக்கும் வந்துடுங்க லா." அந்த வருடத்துக்குத் தேதியே மிச்சமில்லாமல் போனது.

இன்றும் மணியம் அங்கிள் வீட்டு விருந்துக்குப் போனால், முதலில் எனக்கு ஒரு நாற்காலி வரும். அதில் நான் நன்றாக உட்கார்ந்துவிட்டேன் என்று எல்லாரும் உறுதி செய்துகொண்ட பிறகுதான் பாயசம் வரும்.