இரு வீட்டாருக்கும் நன்றி, ஒருத்தனைத் தவிர

என் மச்சானுக்கு நன்றி சொல்வதில்லை என்று மகளின் கல்யாணத்தன்று காலையிலேயே முடிவெடுத்துவிட்டேன். உலகத்துக்கே நன்றி சொல்வேன். பந்தல் போட்டவருக்குச் சொல்வேன், பந்தல் கால்களுக்கும் சொல்வேன். அவனுக்கு மட்டும் கிடையாது.

காரணம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் நான் வாயைப் பிளந்து தூங்கியதை அவன் படமெடுத்து, சொந்தக்காரர்களின் செல்போன் குழுவில் போட்டுவிட்டான். அன்றோடு அவனோடு பேச்சை நிறுத்தினேன். அவனும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. என் மனைவிக்கு இருப்பது அந்த ஒரே தம்பி.  அவன் வழக்கமாகச் சாப்பிட வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவள் வாசல் பக்கம் பார்ப்பாள். அதைப் பார்க்காத மாதிரி நான் பேப்பர் படிப்பேன்.

கல்யாணம் முடிந்து நானும் மனைவியும் மகளும் மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தோம். மகள் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஒரு படம் போட்டு, இரண்டு குடும்பத்துக்கும் சில வரியில் நன்றி எழுத வேண்டும் என்றாள். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். நன்றி உரை. என் பெரியப்பா பேரனில் ஆரம்பித்து வாடகை நாற்காலிக்காரர் வரை எல்லோரும் இருந்தார்கள்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். திரையில் முதல் சில வரிதான் தெரியுமாம். மிச்சமெல்லாம் ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமாம். அதை அழுத்திப் படிக்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

“பேரே வேணாங்க,” என்றாள் மனைவி. “பத்துப் பேரைப் போட்டா, பதினோராவது ஆள் கோச்சுக்குவார். மாப்பிள்ளை வீட்டை முதல்ல சொல்லணும், நம்ம வீட்டை அடுத்துச் சொல்லணும். அவ்வளவுதான்.”

என் வயிற்றில் பால் வார்த்தாள். யார் பேரும் இல்லையென்றால் மச்சான் பேரும் இல்லை! பெருந்தன்மையாகத் தலையாட்டி, காகிதத்தை மடித்துவிட்டேன். மகள் எழுதினாள்:

‘இன்று எங்கள் கல்யாணம். என்னை மகளாக ஏற்ற அவர் வீட்டாருக்கும், ஆளாக்கி அனுப்பிய என் வீட்டாருக்கும் எங்கள் நன்றி.’

அடுத்து எந்தப் படம் என்ற கேள்வி. மூன்று படம் காட்டினாள். இரண்டில் மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மூன்றாவதில் இரண்டு குடும்பமும் சிரிக்கிறது, அவனைக் காணோம்.

“இதுதான்,” என்றேன்.

“அதுவா? என் கண்ணு மூடியிருக்கே,” என்று மனைவி இழுத்தாள். “யோசிச்சுச் சொல்லுங்க.”

“உன் கண்ணை விடு. சம்பந்தி எவ்வளவு அழகா இருக்கார் பாரு.”

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்ததே இல்லை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மகள் மாப்பிள்ளைக்கும் ஓர் அழைப்பு அனுப்பினாள். அவர் ‘சரி’ என்று ஏற்றால், ஒரே படம் இரண்டு பேர் பக்கத்திலும் வந்துவிடும். அவர் உடனே ஏற்றார். சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிடும் பொம்மை போட்டார். நிம்மதியாகச் செல்போனை வாங்கிப் பார்த்தேன். நன்றிக்குக் கீழே தனியாக ஒரு வரி.

‘படம்: என் தாய்மாமா.’

பக்கத்திலேயே அவன் கணக்கின் பெயர், நீல நிறத்தில், தொட்டால் அவன் வீட்டுக்கே போகிற மாதிரி.

“இவன் எங்கே இங்கே வந்தான்? படத்துலயே இல்லையே!”

“எடுத்தவன் எப்படிங்க படத்துல இருப்பான்?” என்றாள் மனைவி. “எடுத்தவர் பேரைப் போடுறது மரியாதை இல்லையா?”

இரண்டு குடும்பத்திலும் ஒருத்தர் பேரும் இல்லை. இவன் பேர் மட்டும் மின்னுகிறது. என் நன்றி உரையைப் போட்டிருந்தாலாவது அந்த வரி ‘மேலும்’ என்பதற்கு அடியில் புதைந்திருக்கும். எடுத்துவிடு என்றேன். திருத்தலாம்தான், ஆனால் சம்பந்தி வீட்டில் எல்லோரும் பார்த்தாயிற்று, இப்போது அழித்தால் என்ன சண்டை என்று கேட்பார்களே அப்பா, என்றாள் மகள். அவள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

செல்போன் அடித்தது. என்னுடையது. மச்சான்.

“அத்தான்,” என்றான். குரல் உடைந்திருந்தது. “படத்தை நீங்கதான் தேர்ந்தெடுத்தீங்கன்னு அக்கா இப்பத்தான் செய்தி அனுப்பிச் சொன்னா. யாரு பேரையும் போடாம என் பேரை மட்டும்... அந்தத் தூக்கப் படம் போட்டது தப்பு அத்தான். மன்னிச்சிடுங்க.”

 பாவம், நல்ல பையன்தான். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் முழுதாகச் சிரித்தது. அதைப் பார்த்தபிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

“நாந்தாம்ப்பா போடச் சொன்னேன்,” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்க,” என்று மனைவி மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

அதையும் நானே யோசித்த மாதிரி சொல்லிவிட்டேன்.