முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கிறேன்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது,

நலம். நீயும் அத்தானும் முழங்கால் வலி தவிர மற்றபடி நலமென்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. பதினொரு பக்கம். அதில் பத்துப் பக்கம், உன் பணிநிறைவு விருந்துக்கு 'அவசியம் வந்துவிடுகிறேன்' என்று எழுதிவிட்டு நான் வராமல் போனதைப் பற்றி. பதினோராவது பக்கத்தில் கையெழுத்து. மறுக்கவில்லை அக்கா. நம் குடும்பத்தில் 'அவசியம் வந்துடறேன்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். வருகிறவன் 'பாக்கலாம்' என்பான். இந்த வழக்கத்தை நான் கடல் தாண்டியும் கொண்டுபோய், ஐம்பத்திரண்டு வயது மனுஷன் ஒருத்தரைக் கிட்டத்தட்ட நடுத்தெருவில் உட்கார வைக்கப் பார்த்த கதையைக் கேட்டுவிட்டு, அப்புறம் என்னைத் திட்டு.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவர் ஒருத்தர். டச்சுக்காரர். ஆள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அதனால் எல்லாருக்கும் அவர் 'நெட்டை', அவர் பாஷையில் 'லாங்க'. நான் இஸ்திரி உருளையில் விரிப்பைச் செருகும்போதெல்லாம் அது சிக்கிக்கொள்ளும், அவர் வந்து விடுவிப்பார். நட்பு அப்படி வளர்ந்ததுதான். இந்த மனுஷன் எட்டு மாதமாக வேலை முடிந்ததும் மழையில் ஓடினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மராத்தான், வாழ்க்கையில் முதல் தடவை. நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத வம்சம், உனக்குத் தெரியும். ஒருநாள் பயிற்சி ஓட்டத்துக்கு மறுநாள் முகம் செத்துப்போய் வந்தார். "முப்பதுல நின்னுட்டேன்யா. காலு ரெண்டும் சிமெண்டு. பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதேன். மராத்தான் அன்னிக்கும் அப்படி நின்னா, இனிமே ஷூவையே தொடமாட்டேன்" என்றார். முப்பதுக்கு மேல் உடம்பில் சேர்த்துவைத்த சக்கரையெல்லாம் தீர்ந்துபோய், சுவரில் முட்டின மாதிரி ஆகுமாம். அவ்வளவு பெரிய ஆள் அழுதேன் என்று கூசாமல் சொன்னதில் எனக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் இரண்டு அடி உயர்ந்தது.

ஓட்டத்துக்கு முந்தின நாள் அவர் தாய்மொழியிலேயே வாழ்த்து அனுப்பலாமென்று உட்கார்ந்தேன். எட்டு மாத டச்சு என் கையில். மூன்று பக்கம் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள், உயிர்தான் முக்கியம், தலையில் தொப்பி, பையில் குடை. கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரம்மாவும் டச்சுக்காரிதான். திருத்தித் தரச் சொன்னேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது என்ன, ஆபரேஷனுக்குப் போறவருக்கா?"

"அக்கறைம்மா."

"அக்கறையெல்லாம் இன்னிக்கு வேணாம். 'முடியாவிட்டால்'னு ஒரு வார்த்தை போட்டா, அவன் மண்டைக்குள்ள அதுதான் ஓடும். நாலு வரி போதும்."

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. மரியாதைப் பன்மை வேண்டாமாம். நண்பனுக்கு 'நீ'தான், இல்லாவிட்டால் வரி ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குமாம். முதலில் நாளைக்கு வெற்றி என்று ஒரு வரி. அப்புறம் அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன் என்று ஒரு வரி. சும்மா புகழ்ச்சி இல்லை, பார்த்ததைச் சொல்ல வேண்டும். அப்புறம் 'அனுபவி', ஆமாம் அக்கா, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சித்திரவதைக்குப் போகிறவனிடம் இவர்கள் அனுபவி என்றுதான் சொல்கிறார்கள்! கடைசியில் 'ஸெட் அம் ஓப்' என்று ஓர் உந்தல், விடாதே, பிடி என்கிற மாதிரி. அதற்கு முன்னால், வழியில் அவனைப் பார்க்க நான் எங்கே நிற்பேன் என்று ஒரு வரி. ராத்திரிக்கு முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். காலையில் போன் பைக்குள் போய்விடும். முடிந்தது இதுதான்:

*Hé lange! Heel veel succes morgen met je eerste marathon. Je hebt er maanden voor getraind, ook in de regen. Geniet ervan! Ik sta bij kilometer 33. Zet 'm op!*

எட்டு மாத மழையை 'மழையிலும்கூட' என்று நாலு டச்சுச் சொல்லில் அடக்கிவிட்டாள். அந்தச் சிக்கனத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். நம் வீட்டில் 'சாப்பிட்டியா'வே இதைவிட நீளம்.

முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கிறேன் என்ற அந்த வரி இருக்கிறதே, அதை நான் நம் குடும்ப அர்த்தத்தில்தான் அனுப்பினேன். 'அவசியம் வந்துடறேன்' ரகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குத் தூக்கம் இருக்கிறதல்லவா? ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. *Top! Dan loop ik naar jou toe.* சபாஷ், அப்படியானால் உன்னை நோக்கித்தான் ஓடிவருவேன். தையல்காரம்மாவிடம் காட்டினேன்.

"ஏன் முழிக்கிற? நிக்கிறேன்னு எழுதினா நிக்கணும். மத்த வரியெல்லாம் வாழ்த்து, அது ஒண்ணுதான் வாக்கு. நாற்பத்திரண்டையும் அவன் நினைக்கமாட்டான், உன் மூஞ்சி வரைக்கும்தான் நினைப்பான்."

என் மூஞ்சியை நோக்கி யாரும் இதுவரை நடந்துகூட வந்ததில்லை அக்கா.

மறுநாள் அட்டையில் பெரிசாக 'ஸெட் அம் ஓப், லாங்க' என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். ஓட்டத்துக்காகத் தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள் என்று பஸ் டிரைவர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அங்கே இருபத்தாறாம் கிலோமீட்டர்க் கம்பம். முப்பத்து மூன்று ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். குறுக்கே போக விடமாட்டார்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் என்றார் வழிக்காவலர். தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவர் நம்பர் அட்டையில் சின்னதாக ஒரு சில்லு இருக்குமாம், ஐந்தைந்து கிலோமீட்டருக்குத் தரையில் விரித்த பாயை மிதித்தால் நேரம் பதிவாகிவிடும். போன் அடித்தது. "முப்பதைத் தாண்டிட்டான். மெதுவாயிட்டான். நீ எங்க?" "பாலத்துல." "அய்யோ, ஓடு!"

ஓடினேன் அக்கா. கல்யாணங்களுக்குப் போடுகிற தோல் ஷூவில், அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பை ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக ஓடினேன். ஒரு கிழவர் ஆரஞ்சுத் துண்டு நீட்டினார். ஓட்டக்காரர்களுக்கு வைத்திருந்தது, வாங்கித் தின்றேன், வெட்கமில்லை.

முப்பத்து மூன்றுக்கு நான் வந்து சேரவும், அவர் திருப்பத்தில் தெரியவும் சரியாக இருந்தது. ஓடவில்லை, நடந்தார். முகம் துவைத்த விரிப்பு மாதிரி வெளுத்திருந்தது. கண் மட்டும் வேலியோரமாக ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டே வந்தது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அட்டையைத் தூக்கினேன், தலைகீழாக. அவர் நின்றார். என் சட்டை வியர்வையையும் ஷூவையும் பார்த்தார்.

"ஓடியா வந்தே?"

தலையாட்டினேன். அதற்குமேல் தெம்பில்லை.

"நீயே ஓடிட்டியா!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையை நேராகத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனார். ஐந்து மணி நேரம் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தார். அந்த நீண்ட முதுகு திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் வலித்ததால் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்.

ஆகவே அக்கா, உன் பதினொரு பக்கமும் நியாயம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்கு என் அனுதாபம். எல்லாரும் நூறு வயது இருங்கள். அடுத்த மாதம் அவசியம் வந்துவிடுகிறேன்.

உன் தம்பி

பி.கு: மேலே உள்ள கடைசி வரியைப் படித்துப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. கைப்பழக்கம். அதோடு மற்ற பக்கங்களையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். புதுசாக எழுதுகிறேன்: அக்கா! முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாய், காய்ச்சலோடும் போனாய், பார்த்தேன். டிக்கெட் எடுத்தாச்சு. பதினாலாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு உன் வாசலில் நிற்கிறேன்.