கிணத்தம்மாவை இரு பிரிவுகள் வழியனுப்பிய விதம்

நிலத்தடி நீர் அலுவலகத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரை வழியனுப்புவது என்றால் விளையாட்டுக் காரியமில்லை. வழியனுப்புவதற்கு முன்பு உரை வேண்டும். உரைக்கு முன்பு கோப்பு வேண்டும். கோப்புக்கு எண் கிடைக்க நாலு நாள் ஆகும். ஆராய்ச்சியாளர் கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது.

ஒன்றரை வருஷமாகக் கயிறும் அளவு நாடாவுமாகக் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெண்ணுக்குக் கிணத்தம்மா என்றே பெயர் ஆகிவிட்டது. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அலுவலகப் பணியாள் அக்கா. அக்காவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது கிணத்தம்மா. இரண்டு பேரும் பேசினால் பாதி அதிலும் பாதி இதிலும் இருக்கும். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

அக்கா மேலாளரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"சார், நானும் விழாவுல ரெண்டு வார்த்தை பேசணும். அவங்க ஊர் ஊரா சுத்திட்டு நேரா விழாவுக்குத்தான் வராங்க. முடிஞ்ச உடனே கார் ஏறிடுவாங்க. அப்புறம் எங்க பாக்குறது?"

மேலாளர் வாசித்தார்.

"கிணத்தம்மா, அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப மூணு நாள் யூ சிட் வித் மீ. ஐ நாட் ஃபர்கெட். தேங்க்ஸ் சொல்ல வாய் வரல. சேஃபா போயிட்டு வாங்க. ரீச் ஆனதும் போன் பண்ணுங்க."

"என்னம்மா இது, மிக்ஸ் பண்ணி எழுதியிருக்கே? டீசன்டாவா இருக்கு? ஃபாரின் கெஸ்ட் முன்னாடி நம்ம ஆபீஸ் மானம் போயிடும், அண்டர்ஸ்டாண்ட்?"

"சார், அவங்களுக்கு இப்படிச் சொன்னாத்தான் புரியும். சின்னச் சின்னதா, நிதானமா, அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையா."

"புரியறது வேற, ப்ரொசீஜர் வேற."

நடைமுறைப்படி தாள் இரண்டு பிரிவுகளுக்கும் போனது. இங்கிலீஷ் வார்த்தைகள் ஆங்கிலப் பிரிவுக்கு. தமிழ் வார்த்தைகள் தமிழ்ப் பிரிவுக்கு. பிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது, 'ஆஸ்பத்திரி' வரும் வரைக்கும்.

"இது உங்க சொல்லு, எடுத்துக்கோங்க" என்றார் தமிழ் எழுத்தர்.

"எங்க சொல்லு இவ்வளவு கரடுமுரடா இருக்காது. உங்ககிட்ட வந்துதான் இப்படி ஆச்சு. நீங்களே வச்சுக்கோங்க" என்றார் ஆங்கில எழுத்தர்.

முக்கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில், "உரிமை கோரப்படாத சொல், நீக்கலாம்" என்று குறிப்பு எழுதி இருவரும் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அலுவலகத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

விழா நாள். கிணத்தம்மா செருப்பில் சேறோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அக்காவைக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். உரை அவளுடையதாக இருந்தாலும் வாசிக்கும் அதிகாரம் பிரிவுகளுடையது அல்லவா?

முதலில் மேலாளர் தன் சொந்தத் தயாரிப்பைப் படித்தார். "மேடம், யுவர் டிபார்ச்சர் கிவ்ஸ் அஸ் இம்மென்ஸ் ப்ளெஷர்." எல்லோரும் கைதட்டினார்கள். கிணத்தம்மா மட்டும் இரண்டு முறை கண் சிமிட்டினாள்.

அடுத்து ஆங்கில எழுத்தர் தொண்டையைச் செருமி, மூக்கால் முழங்கினார்.

"யூ சிட் வித் மீ! ஐ நாட் ஃபர்கெட்! தேங்க்ஸ்! சேஃப்! ரீச்! போன்!"

கிணத்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மனிதரோடு எப்போது உட்கார்ந்தோம் என்று அவள் முகம் யோசித்தது.

தமிழ் எழுத்தர் எழுந்து, துண்டுத் தாளைக் கண்ணருகே பிடித்தார்.

"கிணத்தம்மா! அம்மா இருந்தப்ப மூணு நாள்! சொல்ல வாய் வரல! ஆ! போயிட்டு வாங்க! ஆனதும் பண்ணுங்க!"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருஷத்து நன்றி இப்படியா கந்தலாகப் போய்ச் சேர வேண்டும்?

கிணத்தம்மா உதட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். மூணு நாள். யூ சிட் வித் மீ. அம்மா. அவள் தலை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. எழுந்து, மேடையைத் தாண்டி, நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, ஒன் வேர்டு மிஸ்ஸிங்" என்றாள். "ஆஸ்பத்திரி."

அக்கா தலையை ஆட்டினாள்.

"எனக்கும் சொல்ல வாய் வரல, அக்கா. ரீச் ஆனதும் ஃபர்ஸ்ட் உங்களுக்குத்தான் போன்."

மண்டபமே மூக்கை உறிஞ்சியது. "ஐயோ, சோ ஸ்வீட்" என்றார் தமிழ் எழுத்தர். "ரொம்ப டச்சிங்கா இருக்குப்பா" என்றார் ஆங்கில எழுத்தர். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சூப்பர்மா, ரியலி ஃபீல் ஆயிடுச்சு" என்றார்.

கார் கிளம்பியது. மறுநாள் விழா நடவடிக்கைக் குறிப்பு தயாரானது. கலப்பாகப் பேசியது எந்தப் பிரிவிலும் சேராது என்பதால் அதில் இப்படி இருந்தது:

"மேலாளர் தமது இம்மென்ஸ் ப்ளெஷரைத் தெரிவித்தார். பிரிவுகள் உரையாற்றின. அதன்பின் விருந்தினர் உட்பட யாரும் எதுவும் பேசவில்லை."

"பர்ஃபெக்டா இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் கையெழுத்துப் போட்டார். கதவோரம் அக்காவின் போன் அடித்துக்கொண்டிருந்தது.