காலிக் கட்டங்களை நிரப்பியவன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சமயபாடம் எடுக்கும் தற்காலிக ஆசிரியையின் மாமனார் பணிவுடன் எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை.

அம்மா, நேற்று முன்தினம் வகுப்பின் பின்பெஞ்சில் அமர்ந்து தாங்கள் பார்வையிட்ட பாடத்தை வைத்துத்தான் அவளுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்பது முடிவாகும் என்கிறார்கள். அன்று பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சித்தாளில் மேலே இருந்த குறுக்கெழுத்து முழுக்க அவள் கைவேலை. ‘படைத்த பின் எல்லோருக்கும் பகிர்வது, ஐந்து எழுத்து’ என்றால் பிரசாதம். ‘தெய்வத்தின் முன் தீபத்தை வட்டமாகச் சுற்றிக் காட்டுவது, நான்கு எழுத்து’ என்றால் மேலிருந்து கீழே ஆரத்தி. இரண்டுக்கும் பொதுவான ‘ர’ ஒரே கட்டத்தில் கச்சிதமாக உட்காரும். கீழே இருந்த சொல்தேடலில்தான் வினை. பத்துக்குப் பத்து கட்டத்தில் தரிசனம், மந்திரம், அபிஷேகம், நைவேத்தியம் என்று பன்னிரண்டு சொற்களைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலுமாக ஒளித்து வைத்துவிட்டு, “மாமா, மிச்சக் கட்டத்துல கண்ட எழுத்தையும் போட்டு ரொப்பிடுங்க, அர்த்தம் மட்டும் வந்துடக்கூடாது”ன்னு சொல்லிட்டுத் துணி காயப்போடப் போயிட்டா. நான் முப்பத்திரண்டு வருஷம் தந்தி ஆபீஸில் இருந்தவன். அர்த்தமில்லாம ஒரு எழுத்து என் கையிலிருந்து போனதில்லை. பேனாவை எடுத்தா கை அதுபாட்டுக்கு மனசுல இருக்கிறதை எழுதுது, நான் என்ன பண்ண?

பிள்ளைங்க பன்னிரண்டையும் பத்தே நிமிஷத்துல வட்டம் போட்டுட்டாங்களாம். அதோட விட்டாங்களா? ‘மூட்டுவலி’யைக் கண்டுபிடிச்ச பொண்ணு எழுந்து, “டீச்சர், மூட்டுவலி ஆரத்திக்கு முன்னாடியா, பின்னாடியா?”ன்னு கேட்டிருக்கு. இன்னொண்ணு ‘உப்பில்லை’யைப் பிரசாத வகையில் சேர்த்துடுச்சு. தாங்கள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனீர்களாம். அன்னிலேர்ந்து அவ சரியாச் சாப்பிடலை. பாவம் அம்மா, பகல் முழுக்க வகுப்பு, வந்தா சமையல்; என் பேனா அவ பிழைப்பைக் கெடுக்கணுமா?

ஆகவே அம்மா, பிழை முழுவதும் என்னுடையது. அவள் தங்கள் மேல் அளவற்ற மரியாதை வைத்திருப்பவள். தங்களைப் பற்றி வீட்டில் ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. நான் ஒளித்தவை அந்த இரண்டு சொற்கள்தான், மூன்றாவது இல்லை. தாங்கள் நீடூழி வாழ்ந்து, அவளையும் வாழவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஆசிரியையின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் வீட்டிலிருந்த பயிற்சித்தாளின் நகலை ஒருமுறை பார்த்தேன். தயவுசெய்து சொல்தேடலின் கடைசி வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டாம். படித்திருந்தால், ‘சிடுமூஞ்சி’ என்ற அந்த ஐந்து எழுத்தும் சத்தியமாக என் கற்பனை இல்லை அம்மா. தங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.