அத்தை, மெத்தை வந்துவிட்டது!

மதிப்புக்குரிய அத்தைக்கு உங்கள் அண்ணன் மகன் பணிவோடு எழுதுவது,

நான் இங்கே நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விரிவாக நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. சொல்ல வேண்டிய சேதி தொண்டை வரை வந்து நிற்கிறது. மெத்தை வந்துவிட்டது அத்தை!

அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு மூவருமாகச் சேர்ந்து ஒரு மெத்தை வாங்கித் தரப்போகிறோம் என்று நான் சொன்னபோது, "அக்கா உலகத்துக்கு அந்தக் கோடி, தம்பி இந்தக் கோடி, நீ நடுவுல. நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு தலையணை உறைகூட வாங்க மாட்டீங்கடா" என்று ஃபோனில் சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா? நான் சிரிக்கவில்லை. அம்மாவின் பழைய மெத்தை நடுவில் குழி விழுந்து, காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார் என்பதைப் போன முறை போனபோது கண்ணால் பார்த்தேன். கிடங்கில் தினமும் லாரி லாரியாகச் சரக்கு அனுப்புகிறவன் நான். பெற்றவளுக்கு ஒரு மெத்தை அனுப்ப முடியாவிட்டால் எதற்கு இந்த மேற்பார்வையாளர் பதவி?

முதல் கூட்டத்திலேயே சிக்கல். அக்கா எனக்குச் சிரமம் வேண்டாமென்று என் ஊர் நேரத்துக்கு மாற்றி, "ஞாயிறு நாலு மணி" என்று எழுதினார். அது அவர் ஊர் நேரம் என்று நினைத்து நான் ஒன்பது மணி நேரத்தைக் கழித்து, காலை ஏழுக்குப் பல் துலக்கி, தலை வாரி, ஃபோன் முன்னால் உட்கார்ந்தேன். தம்பி அது தன் ஊர் நாலு மணி என்று முடிவுகட்டி, நான் இரவுச் சாப்பாட்டை முடித்த பிறகு வந்தான். ஒரே நாளில் மூன்று பேரும் தனித்தனியாக வந்து, அவரவர் முகத்தை அவரவரே பார்த்துவிட்டுப் போனோம். மற்ற இருவருக்கும் பொறுப்புணர்ச்சியே இல்லை என்று ஆளுக்கொரு நீண்ட செய்தி வேறு. கடைசியில் நான்தான் சட்டம் போட்டேன்: இனி யாரும் யாருக்காகவும் கணக்குப் போட்டு உதவக்கூடாது, பேச்செல்லாம் அம்மாவின் அடுப்படிக் கடிகாரப்படிதான், அவரவர் ஊருக்கு அவரவர் மாற்றிக்கொள்வது. அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் தவறியது. தம்பி நாட்டில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அவன் பழைய கணக்குப்படி ஒரு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்துகொண்டு, "பஸ் ஓட்டுறவன் நான் நேரத்துக்கு வந்துட்டேன், உங்களுக்கு என்ன?" என்று எங்களைத் திட்டினான்.

அடுத்தது கட்டில் அளவு. அம்மாவிடம் கேட்டால் "எதுக்குடா வீண் செலவு" என்று அங்கேயே முடிந்துவிடும். அதனால் அப்பாவிடம், "நம்ம வீட்டுக் கட்டில் மாதிரியே இங்க ஒண்ணு செய்யச் சொல்லப் போறேன், அளவு வேணும்" என்று புளுகினேன். ஓய்வு பெற்றாலும் நில அளவையாளர் நில அளவையாளர்தானே! மூன்று முறை அளந்து, சராசரி எடுத்து, மூலைவிட்டத்தையும் குறித்து, வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டு வரைபடமே அனுப்பிவிட்டார். கட்டில் தலைமாடு அரை அங்குலம் சாய்ந்திருப்பது எங்கள் குடும்பத்துக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி வழுக்கிக்கொண்டு போன காரியத்தில் அக்கா கல்லைப் போட்டார். விடியற்காலை மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மெத்தைப் படத்தை எங்கள் ரகசியக் குழுவில் போடாமல், அப்பாவும் அம்மாவும் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு வார்டுக்குள் போய்விட்டார். போட்டவர் அழிக்கவேண்டும், இல்லையென்றால் குழு அட்மின் அழிக்கவேண்டும். அட்மின் அப்பா! நல்ல வேளையாக அங்கே இருவரும் தூக்கத்தில் இருந்தார்கள். நானும் தம்பியும் ரோஜா, சூரிய உதயம், பூனைக்குட்டி என்று படமாகக் கொட்டி மெத்தையை மேலே மேலே தள்ளினோம். தேநீர் இடைவேளையில் அக்கா வந்து அழித்தார். காலையில் அம்மா கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு எதுவும் சரியில்லையாடா?" என்று கேட்டார்.

பணம் கட்டுவதும் லேசாக நடக்கவில்லை. வெளிநாட்டு அட்டையை அந்த மெத்தைக் கடை வாங்காது. நம் ஊரில் அக்காவுக்கு இருக்கும் பழைய வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்டவேண்டும், அதற்கான ஓடிபி அக்காவின் ஃபோனுக்குத்தான் வரும். நான் லீவு போட்டுக் கட்டும்போதெல்லாம் அவர் உறங்கிக்கொண்டிருப்பார். எழுப்பிக் கேட்டால் அரைத் தூக்கத்தில் நேற்றைய எண்ணைப் படிப்பார். கடைசியில் அவருடைய இடைவேளையில் நான் கிடங்கு மாடிப்படியில் நின்றுகொண்டு, அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் ஒவ்வொரு எண்ணாக அடித்து, "பெறப்பட்டது" என்று வந்ததும் போட்ட கூச்சலில் இரண்டு சுமைதூக்கிகள் ஓடிவந்துவிட்டார்கள்.

கல்யாண நாளன்று மதியம் குடும்பக் குழுவில் அப்பாவின் செய்தி: "எச்சரிக்கை. ஆர்டர் செய்யாத பொருளைக் கொண்டுவந்து ஏமாற்றும் கும்பல் நம் தெருவுக்கு வந்துள்ளது. நான் விரட்டிவிட்டேன்." கூடவே படம். எங்கள் மெத்தை வண்டி! எனக்கு உயிரே போய்விட்டது. கடையைப் பிடித்து ஓட்டுநர் எண்ணை வாங்கினால், அவர் "வேணாம் சார், அந்தப் பெரியவர் வண்டி நம்பரை எழுதி வச்சுக்கிட்டாரு, நான் தெருமுனையிலதான் நிக்கிறேன், அந்தப் பக்கமே வரலை" என்கிறார். ரகசியமாவது ஒன்றாவது என்று அப்பாவைக் கூப்பிட்டு உடைத்தேன். "அப்பா, அது நாங்க மூணு பேரும் அம்மாவுக்கும் உங்களுக்கும் அனுப்பின மெத்தைப்பா." அவர் கேட்டது இதுதான், "நான் குடுத்த அளவுதானே?" கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு தானே தெருமுனை வரை போய், ஓட்டுநரைச் சமாதானம் செய்து, வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாராம். மெத்தை கட்டிலில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பழையதைத் தூக்கிப் போகவும் அவர்களிடமே ஏற்பாடு.

அம்மாவின் அடுப்படிக் கடிகாரப்படி மாலை ஏழுக்கு மூன்று பேரும் திரையில் இருந்தோம். ஒருவர்கூடத் தவறவில்லை அத்தை! அக்கா நடுநிசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தம்பி பஸ் சீருடையில், நான் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். அம்மா மெத்தையில் ஒரு நிமிடம் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். "இதுல படுத்தா எந்திரிக்கவே மனசு வராதுடா" என்றார். பிறகு ஃபோனைக் கிட்டத்தில் பிடித்து, "மூணு பேரையும் ஒண்ணா பாத்து எத்தனை வருஷம் ஆச்சு" என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன். ஆனால் ஜெயித்தோம். தலையணை உறை என்று சொன்ன வாயால் எங்களை நாலு வார்த்தை பாராட்டி எழுதுங்கள், குழுவில் போட வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் போல, கொஞ்சம் கிண்டல் குறைத்து, வந்துகொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
வென்று நிற்கும் அண்ணன் மகன்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா ஃபோன். முதுகு எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். "அது அப்படியேதான் இருக்கு" என்றார். மெத்தைக்கு வந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் எடுத்து வைத்திருந்தாராம். அன்றைக்கே அதைத் திரும்ப மாட்டி, புது மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டார்களாம். பழையதை வண்டியில் ஏற்றவிடாமல் அப்பா வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாராம். அந்தக் குழியில்தான் இருவரும் படுக்கிறார்கள். "ஏம்மா?" என்று கத்திவிட்டேன். "நாங்க எங்க படுத்தா என்னடா? நீங்க மூணு பேரும் வந்தா இந்த வீட்டுல நல்ல மெத்தை ஒண்ணு இருக்க வேணாமா?" என்றார். அதை அப்படியே அக்காவுக்கும் தம்பிக்கும் சொன்னேன். மூவரும் ஒரே வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம் அத்தை. போய் அந்த உறையை எங்கள் கையாலேயே கிழித்து, அம்மாவை அதில் படுக்கவைத்து, மூன்று பேரும் சுற்றித் தரையில் படுத்துக்கொள்ளப் போகிறோம்.